பச்சைப் பட்டாணி: சந்தைத் தோலா, ஃப்ரீசர் பாக்கெட்டா, டின்னா?

தேவி, திருப்பூர்

வீட்டில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் காய் வாங்க நேரம். குருமாவுக்கும் தக்காளி சாதத்துக்கும் பச்சைப் பட்டாணி வாரத்தில் ரெண்டு தடவையாவது வேண்டும். தோலோடு வாங்குவதா, ஃப்ரோசன் பாக்கெட்டா, டின்னா? "ஐஸில் கெடந்த காய்ல சத்து ஏது அம்மிணி" என்கிறார் மாமியார். சத்தும் வேண்டும், காசும் கட்டுப்படியாக வேண்டும், காலை 6 மணிக்கு உரித்துக்கொண்டு உட்காரவும் முடியாது.

காங்கயம் காட்டுக்காரர்

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறதுங்க. அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பச்சைப் பட்டாணியில் வைட்டமின் சி 40 மில்லிகிராம். அதே பட்டாணியை உறைய வைத்தால் 18. பாதிக்கு மேல் போய்விட்டது. அப்புறம் வருஷக் கணக்கில் கெடாமல் இருக்க என்ன மருந்து கலக்கிறார்களோ. உழவர் சந்தையில் தோலோடு வாங்கி, டிவி பார்க்கிற நேரத்தில் உரித்து வைத்தால் முடிந்தது. அதற்குக்கூட நேரமில்லை என்றால் எப்படி?

அவிநாசி அக்கா

நான் பாக்கெட்டும் வாங்குவதில்லை, தோலும் வாங்குவதில்லை தேவி. மளிகைக் கடையில் காய்ந்த பச்சைப் பட்டாணி அரைக் கிலோ வாங்கி, ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ரெண்டு விசில். ஊறியதும் புதுப் பட்டாணி மாதிரியே பச்சைப் பசேல் என்று வந்துவிடும். விலையும் மலிவு. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் இதுதான் ஃப்ரெஷ்.

பீளமேடு ஃபுட்டெக்

காய்கறி உறைய வைக்கும் ஆலையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். காங்கயம் அண்ணா கொடுத்த ரெண்டு எண்ணும் சரி. ஆனால் அந்த 40 புதிதாக இருக்கிற பட்டாணிக்கு. திருப்பூரில் தேவியின் பைக்குள் விழுகிற பட்டாணிக்கு அல்ல.

பறித்த பிறகும் பட்டாணி சும்மா இருக்காது. மற்ற பல காய்களைவிட வேகமாக மூச்சு விடும், தானே சூடாகும், இனிப்பெல்லாம் மாவாக மாறும். குளிரில் வைக்காவிட்டால் ஓரிரு நாளிலேயே வைட்டமின் சி பாதி வரை இறங்கிவிடும். ஆலையில் நடப்பது வேறு. வயலிலிருந்து வந்த சில மணி நேரத்தில் உரித்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் குறைந்த தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டுவோம். நிறத்தையும் மணத்தையும் கெடுக்கிற நொதிகள் அதில் அடங்கிவிடும். அட்டவணையில் தெரிகிற இழப்பில் பெரும்பங்கு இந்த வெந்நீர்க் கட்டத்தில் நடப்பதுதான். உடனே ஆற வைத்து, கீழிருந்து அடிக்கிற கடுங்குளிர் காற்றில் விடுவோம். பட்டாணி அந்தக் காற்றிலேயே குதித்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அதன்பின் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும்வரை இழப்பு மிக மெதுவாகத்தான் நடக்கும். கெடாமல் காப்பது குளிர்தான், மருந்து இல்லை. வெறும் பட்டாணிப் பாக்கெட்டின் பின்பக்கம் 'பொருட்கள்' என்ற இடத்தைப் படியுங்கள், பட்டாணி மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று. பட்டாணியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. அதே அட்டவணையில் வேக வைத்து வடித்த வரியையும் பாருங்கள் அண்ணா. புதியது சுமார் 14, உறைந்தது சுமார் 10. அடுப்பில் ஏறியதும் வித்தியாசம் 4 மில்லிகிராமுக்குச் சுருங்கிவிட்டது.

மேட்டுப்பாளையம் மண்டி

பட்டாணி சூடாவதைப் பற்றி ஃபுட்டெக் தம்பி சொன்னது உண்மை. மலையிலிருந்து இறங்கும் மூட்டைக்குள் கையை விட்டால் நடுவில் கதகதவென்று இருக்கும். மேலே பச்சையாகத் தெரியும், நடுவில் வெளிறிப்போய் ஈரம் கோத்திருக்கும். பறித்தது ஒருநாள், மண்டியில் ஏலம் அடுத்த நாள் விடியலில், அங்கிருந்து சில்லறைக் கடை, அப்புறம் உங்கள் ஃப்ரிட்ஜ். வடக்கிலிருந்து வருகிற பட்டாணி என்றால் லாரியிலேயே கூடுதல் நாள் போய்விடும்.

தோலோடு வாங்குகிறவர்கள் நெற்றைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் முற்றல். விரலால் ஒடித்தால் 'படக்' என்று உடைந்து, உள்ளே மணிகள் ஒன்றையொன்று நெருக்காமல் இருந்தால் இளசு. மஞ்சள் தட்டிய நெற்றை எடுக்க வேண்டாம், இனிப்பு இருக்காது.

காங்கயம் காட்டுக்காரர்

மண்டிக்குப் போகிற சரக்கின் கதையைச் சொல்கிறீர்கள். நான் பேசுவது உழவர் சந்தைச் சரக்கு. எங்கள் காட்டு அவரையைக் காலையில் பறித்தால் மத்தியானம் பொரியல். அதற்கு எந்த பாக்கெட் ஈடாகும்?

பீளமேடு ஃபுட்டெக்

அவரைக்கு ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன். கொத்தவரை, முருங்கைக்கீரை, சுரை எல்லாம் பக்கத்திலேயே விளைகிறது, அன்றே கைக்கு வருகிறது. அவற்றை பாக்கெட்டில் தேட வேண்டிய அவசியமே இல்லை. பட்டாணி நம் சமவெளியில் விளைவதில்லையே அண்ணா. உழவர் சந்தைத் தட்டில் இருந்தாலும் அது மலையிலிருந்து வந்ததுதான்.

அதோடு, வைட்டமின் சி-க்காகப் பட்டாணியை நம்பி இருக்கிற வீடு எது? 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பட்டாணியில் நமக்கு வேண்டியது புரதமும் நார்ச்சத்தும். ரெண்டும் 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம், உறைய வைத்தாலும் பெரிதாகக் குறையாது.

அவிநாசி அக்கா, நீங்கள் சொல்வது வேறு பொருள். காய்ந்த பட்டாணி பருப்பு வகையில் சேரும். புரதம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் முற்றிக் காய்ந்ததில் வைட்டமின் சி இருக்காது. வாங்குங்கள், தப்பில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஊற வைத்த காய்ந்த பட்டாணிக்குச் சாயம் ஏற்றி, 'உரித்த பட்டாணி' என்று விற்பதும் நடக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம்தான்.

அவிநாசி அக்கா

அய்யோ, பச்சைப் பசேல் என்று சொன்னேனே. இன்றைக்கே டம்ளரில் போட்டுப் பார்க்கிறேன்.

தேவி, திருப்பூர்

விலைக் கணக்கையும் யாராவது சொல்லுங்கள். போன வாரம் தோலோடு கிலோ 120 ரூபாய். பாக்கெட் ஒரு கிலோ 190. பாக்கெட்தான் அதிகம் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

மேட்டுப்பாளையம் மண்டி

கிலோ தோல் பட்டாணியை உரித்தால் 400 முதல் 500 கிராம்தான் தேறும் அம்மிணி. 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாய்க்கு 450 கிராம் என்றால் உரித்த பட்டாணி கிலோ ஏறக்குறைய 267 ரூபாய். சொத்தை, முற்றல் கழித்தால் இன்னும் ஏறும். பாக்கெட் 190 முழுக்க மணி. அந்த வாரம் பாக்கெட்தான் மலிவு.

ஜனவரி வாக்கில் வடநாட்டு வரத்து கூடும்போது கணக்கு தலைகீழாகும். தோல் கிலோ 40-க்கு இறங்கினால் உரித்தது 90 ரூபாய்க்குள் வந்துவிடும். தோல் விலையை ரெண்டேகாலால் பெருக்கி பாக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள், கடையில் நின்றபடியே தெரிந்துவிடும்.

கோபி மாமா

டின்னை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு. டின் பட்டாணி வாங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், உப்பைப் பார்த்து வாங்கச் சொன்னார்.

பீளமேடு ஃபுட்டெக்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மாமா. டின்னில் ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பாலும் உப்பு இருக்கும். வாங்கினால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு ஓடும் தண்ணீரில் அலசுங்கள், உப்பில் ஒரு பகுதி போகும். கரைகிற வைட்டமினும் கூடவே போகும் என்பதுதான் சிக்கல். டின்னை மூடிய பிறகு 120 டிகிரி அளவில் வேக வைப்பதால் வைட்டமின் சி, தயாமின் ரெண்டும் நிறைய அழிந்திருக்கும். புரதமும் நாரும் அப்படியே இருக்கும். அந்தச் சூட்டில் பட்டாணி மங்கிய பச்சைக்கு மாறுவதுதான் இயல்பு. டின்னைத் திறந்ததும் பளிச்சென்று இருந்தால் லேபிளில் நிறமி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊற வைத்த காய்ந்த பட்டாணியை அடைத்த டின்னும் உண்டு, அதுவும் லேபிளில் தெரியும்.

விலையிலும் ஏமாறாதீர்கள். டின்னில் நிகர எடையும், தண்ணீர் வடித்த எடையும் தனித்தனி. காசைக் கணக்குப் போட வேண்டியது வடித்த எடைக்கு. கரண்ட் இல்லாத இடத்துக்கு, வெளியூர்ப் பயணத்துக்கு டின் உதவும். அன்றாடக் குருமாவுக்கு அது தேவையில்லை.

தேவி, திருப்பூர்

பாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். ஒருமுறை வாங்கியது குருமாவில் கொழகொழவென்று ஆகிவிட்டது. அதனால்தான் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

பீளமேடு ஃபுட்டெக்

குக்கரில் உருளைக்கிழங்கோடு போட்டிருப்பீர்கள். பாக்கெட் பட்டாணி ஏற்கெனவே அரைவேக்காடு. விசிலெல்லாம் அடங்கிய பிறகு, தேங்காய் அரைத்து ஊற்றும்போது ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். தண்ணீரில் ஊற வைத்து உருக்க வேண்டாம், சத்தும் தண்ணீரோடு போகும்.

கடையிலும் பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனிப்பொடி நிறைந்திருந்தாலோ இடையில் உருகி மறுபடி உறைந்தது. கொழகொழப்புக்கு அதுவும் காரணமாகலாம். மற்றதெல்லாம் வாங்கி முடித்து, பில் போடப் போகும்போது கடைசியாக எடுங்கள்.

ஜனவரியில் மலிவாகக் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம். கால் கிலோ கால் கிலோவாக, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மறுபடி கொதி வந்ததிலிருந்து ஒன்றரை நிமிடம். எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாக ஆறியதும் துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் பையில் அள்ளிக் காற்றைப் பிதுக்கிக் கட்டுங்கள். வெந்நீர் காட்டாமல் அப்படியே வைத்தால் ரெண்டொரு மாதத்தில் வைக்கோல் வாசம் வரும்.

காங்கயம் காட்டுக்காரர்

எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. உங்கள் மைனஸ் 18 எல்லாம் அங்கே நிற்குமா தம்பி?

பீளமேடு ஃபுட்டெக்

நிரம்பிய பெரிய ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ரெண்டு நாள் கூடத் தாங்கும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு தாங்காது. ஒருமுறை முழுக்க உருகிவிட்டால் மறுபடி உறைய விடாமல் அன்றே சமைத்துவிடுங்கள். அடிக்கடி நீண்ட நேரம் போகிற ஊரில் சின்ன பாக்கெட்டாக வாங்குவதே நல்லது.

காங்கயம் காட்டுக்காரர்

அப்படியென்றால் எனக்கு நெற்றே போதும். பாக்கெட் பட்டாணி பெரும்பாலும் வடக்கே விளைந்து வருகிறது. நீலகிரி விவசாயிக்கு நான் கொடுக்கிற காசு பாக்கெட்டில் போய்ச் சேராது. சத்துக் கணக்கில் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் மண்டி

அந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். மலைப் பட்டாணி வரத்து இருக்கும் மாதங்களில் நெற்றையே வாங்குங்கள், வாங்கிய அன்றே உரித்து வையுங்கள்.

தேவி, திருப்பூர்

இந்த ஞாயிறு தோல் விலையை ரெண்டேகாலால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அவிநாசி அக்கா, டம்ளர் என்ன ஆச்சு?

அவிநாசி அக்கா

தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியிருக்கிறது தேவி. நாளைக்குக் கடையை மாற்றுகிறேன்.