2பி-யும் டேலியும் 54,540 ரூபாய் இடிக்குது, 20ஆம் தேதிக்குள்ள 3பி ரிட்டர்ன் போடணும், உதவுங்க

கரூர்_தறிக்கணக்கு (17 நவம்பர், காலை 10:12)
வணக்கங்க. அக்டோபர் மாச ஜிஎஸ்டிக்கு, வாங்கின பில்லுல கட்டின வரியை எடுத்துக்கற ஐடிசி டேலில 4,86,240 வருது. சப்ளையருங்க ஏத்தினதை வச்சு போர்ட்டல்ல வர்ற 2பில 4,31,700 தான் இருக்கு. எக்செல்ல வீலுக்கப் போட்டா 14 பில்லுக்கு #N/A வருது. முதலாளி "பில்லு நம்ம கையில இருக்கு, சரக்கும் வந்துருச்சு, முழுசா எடுத்துரு"ங்கறாரு. எடுக்கலாமா? அவசரம்.

ஈரோடு_செல்வி (10:31)
அவசரப்படாதீங்க, இன்னும் மூணு நாள் இருக்கு. எதை வச்சு வீலுக்கப் போட்டீங்க, பில் நம்பரா? அந்த 14 பில்லும் எத்தனை சப்ளையரோடது? அதுல யாராவது காலாண்டுக் கணக்கு போடறவங்களா?

வரிமன்னன் (10:40)
இதே கேள்வி மாசாமாசம் வருது, பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு வரக் கூடாதா? மொத்தத்தை மொத்தத்தோட வச்சுப் பார்க்கறது மேட்சிங்கே இல்ல. அந்த 54,540ங்கறது ஒரு கழித்தல் விடை, அவ்வளவுதான். 2பில வந்து, உங்க புத்தகத்துல ஏறாத பில்லும் இருக்கும், அதைப் பார்த்தீங்களா?

மதுரை_வணிகன் (10:52)
2ஏ-ல பாருங்க. அதுல இருந்தா தாராளமா எடுத்துக்கலாம். சப்ளையர் தப்புக்கு வாங்கினவன் பொறுப்பில்லன்னு மதுரை ஹைகோர்ட்டே பீத்தெல் வழக்குல 2021ல சொல்லியிருக்கு.

ஈரோடு_செல்வி (11:05)
அண்ணா, அந்தத் தீர்ப்பு சட்டம் மாறுறதுக்கு முந்தினது. விற்றவரை விசாரிக்காம வாங்கினவர் மேல மட்டும் போகக் கூடாதுன்னு சொல்லி, கோர்ட் அதைத் திருப்பி விசாரிக்க அனுப்புச்சு. 2022 ஜனவரி 1லிருந்து 16(2)(aa) வந்துருச்சு. சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1ல காட்டி, அது நமக்கு 2பில வந்தாத்தான் எடுக்க முடியும். 2ஏ தினம் மாறிக்கிட்டே இருக்கும். 14ஆம் தேதி வந்து நிக்கற 2பி-தான் இந்த மாசக் கணக்கு.

கரூர்_தறிக்கணக்கு (11:20)
ஆமாங்க, பில் நம்பரை வச்சுத்தான் போட்டேன். காலாண்டு யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஈரோடு_செல்வி (11:48)
அங்கதான் சிக்கல். நீங்க டேலில 25-26/0412ன்னு போட்டிருப்பீங்க, சப்ளையர் 412ன்னு ஏத்தியிருப்பார். நமக்கு ஒண்ணுதான், எக்செல்லுக்கு ரெண்டும் வேற. 10/25 மாதிரி நம்பரா இருந்தா அதையே தேதியா மாத்தி வச்சிரும். அதனால பில் நம்பரை விட்டுட்டு ஜிஎஸ்டி நம்பரையும் வரித் தொகையையும் ஒட்டி ஒரு சாவி செய்யுங்க. ரெண்டு ஷீட்லயும் A காலம்ல ஜிஎஸ்டி நம்பர், F-ல மொத்த வரின்னு வச்சுக்கிட்டா:

```
=TRIM(A2)&"|"&ROUND(F2,0)
```

இந்தச் சாவியை வச்சு COUNTIF போடுங்க. டேலி பக்கமிருந்து ஒரு தடவை, 2பி பக்கமிருந்து ஒரு தடவை. ஒரே சப்ளையர்கிட்ட ஒரே தொகைக்கு ரெண்டு பில் இருந்தா ரெண்டு பக்கமும் 2 வருதான்னு பாருங்க. காசு ரவுண்டாகறதுல ஒண்ணு ரெண்டு தப்பும், அதைக் கண்ணால பார்த்துக்கலாம்.

காலாண்டா இல்லையாங்கறது போர்ட்டல்ல Search Taxpayer போயி, அவங்க நம்பரைப் போட்டா, தாக்கல் விவரத்துல தெரிஞ்சிரும்.

புதுக்கடை_சேலம் (12:15)
எனக்கும் இதே பிரச்சினைதான். எனக்கு 2பியே வரல, காலியா இருக்கு. போர்ட்டல் கோளாறா?

வரிமன்னன் (12:22)
இதே பிரச்சினை இல்ல. போன மாச 3பி போட்டீங்களா? அதைப் போடாம இந்த மாச 2பி உருவாகாது. தனி இழை போடுங்க.

கரூர்_தறிக்கணக்கு (மதியம் 2:36)
அக்கா, சாவி போட்டுப் பார்த்தேன். 14ல 11 பில் தானா ஒத்துப் போச்சு! மிச்சம் 3. ஸ்பேர் கடை பில் ரெண்டு, வரி 17,100, 11,700. மில்லு நூல் பில் ஒண்ணு, 27,000. மூணும் சேர்ந்து 55,800. அந்தப் பக்கம் 2பில மட்டும் பேங்க் சார்ஜுக்கு 1,260 இருக்கு, நான் புத்தகத்துல ஏத்தவே இல்ல. கழிச்சா சரியா 54,540. ஸ்பேர் கடை காலாண்டுதான். ஆனா மில்லுக்காரங்க "நாங்க ஏத்திட்டோம், நல்லாப் பாருங்க"ன்னு சாதிக்கறாங்க.

ஈரோடு_செல்வி (2:58)
காலாண்டுக்காரங்க நடு மாசத்துல பில் ஏத்தறதுக்குத்தான் ஐஎஃப்எஃப் இருக்கு. ஸ்பேர் கடைக்காரர் அக்டோபர் ஐஎஃப்எஃப்ல பில்லை ஏத்தல, 13ஆம் தேதியோட அது முடிஞ்சது. டிசம்பர் 13க்குள்ள நவம்பர் ஐஎஃப்எஃப்ல சேர்க்கச் சொல்லுங்க, டிசம்பர் 14ல உங்களுக்கு வந்துரும். விட்டா ஜனவரி 13 தான். பணம் எங்கயும் போகல, தள்ளிப் போகுது. அந்த 28,800ஐ டேலில தனி லெட்ஜர்ல நிறுத்துங்க, இல்லன்னா அடுத்த மாசம் மறந்துரும். பேங்க் சார்ஜை ஏத்திட்டு எடுத்துக்குங்க.

மில்லு இ-இன்வாய்ஸ் போடறவங்களா? பில்லுல கியூஆர் இருக்கா? இருந்தா வாங்கினவர் ஜிஎஸ்டி நம்பரை எழுத்தெழுத்தாப் படிங்க. பேரைப் பார்க்காதீங்க, 15 எழுத்தையும் பாருங்க.

ஸ்பேர்_சப்ளையர்_கோவை (3:20)
வரி மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் ஆரம்பிச்சுறாதீங்க. நானும் காலாண்டுக்காரன்தான். மாசாமாசம் பிஎம்டி-06ல வரி கட்டிட்டுத்தான் இருக்கேன். 95,000 சரக்குக்கு 17,100 நிறுத்துனா அதுல எனக்கு லாபமே அவ்வளவு நிக்காது.

வரிமன்னன் (3:27)
2பில வந்தாத்தான் ஜிஎஸ்டி பணம். எங்க எல்லா கிளையண்ட்டுக்கும் இதுதான் விதி. நீங்க வரி கட்டினது வாங்கினவருக்கு எப்படித் தெரியும்? பில்லை ஏத்தினாத்தானே தெரியும்?

ஸ்பேர்_சப்ளையர்_கோவை (3:41)
ஏத்தறதுக்குத் தனியா ஆள் வைக்க வழியில்லைங்க. எங்க ஆடிட்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் ஃபைல் கேக்கறார்.

மதுரை_வணிகன் (3:50)
பணத்தை நிறுத்துனா 180 நாள் விதி வேற இருக்கு. அதுக்குள்ள கட்டலன்னா எடுத்த ஐடிசியைத் திருப்பணும்.

ஈரோடு_செல்வி (4:02)
180 நாள் சரி அண்ணா, ஆனா ஐஎஃப்எஃப்க்கும் அதுக்கும் நடுவுல ஏகப்பட்ட நாள் இருக்கு. கோவைக்காரரே, உங்க வலி புரியுது. எல்லா பில்லையும் ஏத்த வேணாம், ஜிஎஸ்டி நம்பர் உள்ளவங்களுக்குப் போட்ட பில்லை மட்டும் ஏத்துனாப் போதும். மாசத்துக்கு பத்து பில்னா அரை மணி நேர வேலை. முழு பில்லுக்கும் பணத்தை நிறுத்தறவங்களைப் பார்த்திருக்கேன், அது எனக்கு நியாயமாப் படல.

கரூர்_தறிக்கணக்கு (18 நவம்பர், காலை 9:47)
அக்கா, கியூஆர் இருக்கு. பில்லுலயே நம்பர் தப்பு. முதலாளியோட மச்சான் கம்பெனி நம்பர் விழுந்திருக்கு, ரெண்டு கம்பெனிக்கும் பேரு ஒண்ணுதான். அவங்க 2பில இந்த 27,000 உக்காந்திருக்கு. நூல் வந்தது எங்க குடோனுக்கு.

ஈரோடு_செல்வி (10:05)
இன்னைக்கே மச்சான் கம்பெனிக் கணக்கரைக் கூப்பிடுங்க. 3பி போடறதுக்கு முந்தி, வந்த பில்லை ஏத்துக்கவோ தள்ளவோ போர்ட்டல்ல இருக்கற ஐஎம்எஸ்ல அந்த பில்லை ரிஜெக்ட் பண்ணிட்டு, 2பியைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்க. ஒண்ணும் பண்ணாம விட்டா ஏத்துக்கிட்டதாத்தான் போகும். அவங்களுக்கு வராத சரக்குக்கு ஐடிசி எடுத்தா, வட்டியோட திரும்பும். நீங்களும் எடுக்காதீங்க. மில்லு சரி பண்ணட்டும். இந்த மாசம் உங்களுக்கு 4,31,700 தான்.

வரிமன்னன் (10:18)
மில்லு அடுத்த ஜிஎஸ்டிஆர்-1ல திருத்தினாப் போதும்.

ஈரோடு_செல்வி (10:26)
பில்லே தப்பு நம்பர்ல இருக்கு. கிரெடிட் நோட் போட்டுப் புது பில் வாங்கறதுதான் நாளைக்கு ஆடிட்ல நிக்கும்ங்கறது என் கருத்து.

வரிமன்னன் (10:33)
புது பில் நவம்பர் தேதியில வரும், சரக்கோ அக்டோபர்ல வந்தது. இ-வே பில்லும் பழைய பில்லுக்குத்தான் இருக்கு. அதுக்கு என்ன சொல்வீங்க?

கரூர்_தறிக்கணக்கு (20 நவம்பர், இரவு 7:15)
4,31,700க்கு 3பி போட்டாச்சு. மச்சான் கம்பெனில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. மில்லு ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றோம்ன்னு சொல்லியிருக்காங்க. நன்றி அக்கா.