மறு: ‘பெர்செப்சுவல் ஹாஷ்’ – ஞாயிறுக்குள் ஒரு சொல் வேண்டும்

செல்வி: ஒரே மாதிரிப் படங்களைத் தேடித்தரும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஞாயிறு இரவோடு மொழிபெயர்ப்பை மூடிவிடுவார்கள். இந்த ஒரு சொல்தான் பாக்கி. முன்பு யாரோ ‘புலனுணர்வுத் துண்டாக்கம்’ என்று போட்டிருக்கிறார்கள், படிக்கவே பயமாயிருக்கிறது.

கதிரேசன்: ஹாஷ் என்பது ‘கொத்தி நறுக்கு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தமிழிலும் கொத்து என்றால் நறுக்குதல், திரள் இரண்டும் உண்டு. ‘காட்சிக்கொத்து’ என்க.

யோகன்: ஐயா, எங்கட ஊரில கொத்துரொட்டிதான் நினைவுக்கு வரும்.

மணிமாறன்: சிரிப்பை விடுங்கள், ‘கொத்து’ பொருளிலேயே இடிக்கிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பைக் கணக்கிட்டுக் குறுகிய எண்ணாக்குவது. எஸ்எச்ஏ போன்ற வழக்கமான ஹாஷ்களில் கோப்பில் ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்கக் கலைந்துவிடும். அதைக் கொத்து எனலாம். இங்கே நேர்மாறு: படம் கொஞ்சம் மாறினால் விடையும் கொஞ்சமே மாற வேண்டும்.

இவ்வகை ஹாஷ்களில் ஒன்றான dHash-ஐப் பாருங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9 நெடுவரிசை, 8 கிடைவரிசையாகச் சுருக்குகிறோம். ஒரு கிடைவரிசையின் வெளிச்ச அளவுகள் இவை என்று வையுங்கள்:

```
40 52 60 58 90 90 71 30 35  →  11010001
```

வலப்பக்கத்துப் புள்ளி இடப்பக்கத்தைவிட வெளிச்சமானால் 1, இல்லையென்றால் 0. எட்டு வரிசைக்கு 64 பிட். எல்லாவற்றிலும் 20 கூட்டினாலும், 255-ஐத் தாண்டாதவரை, விடை மாறாது. வாட்ஸ்அப்பில் போய் வந்ததில் 60, 58 என்பவை 58, 59 ஆகிவிட்டால் 11110001; ஒரே பிட்தான் வேறு. இப்படி 64-இல் எத்தனை பிட் வேறுபடுகின்றன என்று எண்ணி, குறைவாயிருந்தால் ‘ஒத்த படம்’ என்கிறோம்.

ராஜேந்திரன்: அப்படியானால் என் மகள் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்கும் படங்களை மட்டும் பிரித்துத் தருமா?

மணிமாறன்: தராது சார், அது முகமறிதல். இது யார் என்று பார்ப்பதில்லை. இடவலமாகத் திரும்பிய செல்ஃபியைக்கூட இதற்கு அடையாளம் தெரியாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

யோகன்: பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இதில போட்டனான். வேற வேற பக்கத்தை எல்லாம் ஒண்டெண்டு சொல்லுது.

மணிமாறன்: எழுத்துப் பக்கம் 9×8-க்குச் சுருங்கினால் எழுத்து போய் ஓரமும் சாம்பல் நிறமும்தான் மிஞ்சும். ஓரம் எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதானே. நடுவில் புள்ளிகள் கிட்டத்தட்டச் சமம் என்பதால், ஒரே பக்கத்தின் இரண்டு ஸ்கேன்கூட அங்கே தாறுமாறாக வேறுபடலாம். எத்தனை பிட் வரை வேறுபடலாம் என்ற எல்லையை இறுக்கினால் உண்மையான நகல் தப்பும், தளர்த்தினால் பொய் நகல் நுழையும். இதை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள்.

கதிரேசன்: ஒப்புமையே உயிர் என்றால் உவம உருபுக்கு வருவோம். நன்னூல் ‘போலப் புரைய ஒப்ப உறழ’ என்று தொடங்கிப் பன்னிரண்டு தருகிறது. ‘நிகர’வும் அதில் உண்டு. ‘நிகர்க்குறி’.

செல்வி: ஐயா, ‘நிகர்’ என்றால் கணக்குப் பாடத்தில் நெட் மதிப்பு. மாணவர்கள் குழம்புவார்கள்.

யோகன்: ‘தோற்றச்சுவடு’?

மணிமாறன்: நன்று. நான் ‘காட்சி ஹாஷ்’ என்பேன். நிரலாளர் தேடினால் அதுதான் கிடைக்கும்.

கதிரேசன்: ஷகரமா? என் இசைவில்லை.

செல்வி: ‘தோற்றச்சுவடு’ என்றே போடுகிறேன். பொத்தானில் ‘ஒத்த படங்களைத் தேடு’. பயனருக்கு அது போதும். தனி மடலிலும் இருவர் இதற்கே சரி என்றார்கள்.

கதிரேசன்: சுவடு என்பது மிதித்த தடம். படம் எதை மிதித்தது? நாளை விரிவாக எழுதுகிறேன்.