பிரியாணியில் அத்தர் வாசம்: பன்னீர், தாழம்பூ நீர் வாங்கி ஏமாந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டு மருமகள்

நாத்தனார் மகன் பிறந்தநாள். இரண்டு கிலோ சீரகச் சம்பா, தம் போடும் வரை எல்லாம் சரி. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கேவ்ரா தண்ணீர், அதாவது தாழம்பூ நீர், என்று குறிப்பில் இருந்தது. தர்மபுரியில் ஒரு கடையில் கேட்டேன், விரல் நீளக் குப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். 'கேவ்ரா' என்று பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். இரண்டு கரண்டி ஊற்றி மூடினேன்.

மூடியைத் திறந்ததும் மாமனார் இரண்டடி பின்னால் போனார். "ஏம்மா, சோத்துல அத்தரைக் கொட்டிட்டீங்களா?" என்றார். பிறந்தநாள்காரன் முதல் வாயைத் துப்பிவிட்டான், அவ்வளவு கசப்பு. அந்தக் குப்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. சரக்கு மோசமா, என் கை மோசமா?

ஓசூர் வாசி

என் கதை முகத்தில் நடந்தது. பக்கத்துப் பசுமைக்குடிலில் கழித்த ரோஜா ஒரு பை நிறையக் கிடைத்தது. இதழ்களைத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டினேன், அழகான சிவப்பு. தினமும் பஞ்சில் தொட்டு முகத்தில் தடவினேன். பத்தாம் நாள் பாட்டிலுக்குள் நூல் நூலாகச் சளி மாதிரி மிதந்தது. அதற்கு முந்தின நாளே கன்னமெல்லாம் பொரிப் பொரியாக வந்துவிட்டது. இத்தனைக்கும் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தேன். வீட்டுப் பன்னீரே இப்படி என்றால் கடைப் பன்னீரை எப்படி நம்புவது?

ஊத்தங்கரை அண்ணாச்சி

பன்னீர் அமுக்கினால் ரப்பர் மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். பாலை நாமே திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் பஞ்சாக வரும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். துணி மெல்லியதாக இருக்கக் கூடாது, அப்புறம் மேலே கல் வைக்கிறவர்கள்...

ஓசூர் வாசி

அண்ணா, கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீர்.

கிருஷ்ணகிரி ராணி

பாட்டிலைக் குலுக்குங்கள். நுரை வந்து நின்றால் போலி, உடனே அடங்கினால் அசல். இருபது வருடமாக இப்படித்தான் வாங்குகிறேன். பாலக்கோட்டு அக்கா, உங்களுடையது போலிதான், சந்தேகமே வேண்டாம்.

காவேரிப்பட்டினம் பழைய கணக்கர்

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ஒரு அத்தர் பட்டறையில் ஆறு வருடம் கணக்கு எழுதியவன் நான். அங்கே செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியை மண்ணால் அடைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் குடத்துக்கு இறக்குவார்கள். ஆவியில் நிறம் ஏறாது, அதனால் இறங்குகிற பன்னீர் நிறமற்றது. ஓசூர்த் தங்கை செய்தது ரோஜாக் கஷாயம். பூச்சாறு கலந்த தண்ணீர் சீக்கிரம் கெடத்தான் செய்யும். அந்த ரோஜாவும் நீளத் தண்டுக்கும் பல நாள் வாடாமல் நிற்பதற்கும் வளர்த்த ரகம், வாசனை குறைவு. சிலந்திப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் அடித்த மருந்து இதழில் இருந்திருக்கும். பன்னீர் ரோஜா வேறு செடி.

ராணி அம்மா சொன்னதில் பாதி சரி. வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கலக்கச் சோப்பு மாதிரி ஒரு பொருள் சேர்த்தால் நுரை நிற்கும். ஆனால் ரோஜா வாசனையின் முக்கியப் பொருளான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தானாகவே தண்ணீரில் ஓரளவு கரையும். ஆலையில் செய்த அதையே கலந்து விற்றால் நுரையே வராது, உங்கள் சோதனையில் தேறிவிடும்.

பாலக்கோட்டம்மா வாங்கியது எசன்ஸ். அது கெட்ட சரக்கு என்று சொல்ல முடியாது, சொட்டுக் கணக்கில் விட வேண்டியதைக் கரண்டியில் ஊற்றிவிட்டீர்கள். பின்பக்கச் சின்ன எழுத்தில், வாசனையைக் கரைக்கச் சேர்க்கும் 'புரோப்பிலீன் கிளைக்கால்', 'செயற்கை மணமூட்டி' என்று இருக்கிறதா பாருங்கள். அசல் தாழம்பூ நீர் பெரும்பாலும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டச் சரக்கு, ஆண் பூவில்தான் அந்த மணம். அதைக் கரண்டியால் ஊற்றலாம், அதுவும் தம்மை இறக்குகிற நேரத்தில். பாகிலும் அப்படித்தான், கொதிக்கும்போது விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

கிருஷ்ணகிரி ராணி

அப்போ இருபது வருடமாக நான் வாங்கியது எல்லாம் போலி என்கிறீர்களா?

காவேரிப்பட்டினம் பழைய கணக்கர்

அப்படிச் சொல்லவில்லை. குலுக்கிப் பார்த்துத் தெரியாது என்கிறேன். மூக்கும் ஏமாறும். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால், எசன்ஸ் கலந்தது பெரும்பாலும் அப்படியே குத்தும். அதிலும் நானே இரண்டு முறை தோற்றிருக்கிறேன். முகத்துக்கான பாட்டிலில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் ஜாமூனுக்கு எடுக்காதீர்கள், கெடாமல் இருக்கப் போட்டது சாப்பிடுவதற்கானது அல்ல.

பாலக்கோட்டு மருமகள்

குப்பியை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரண்டுமே இருக்கிறது, கடுகு அளவு எழுத்தில். கூடவே 'ஒரு கிலோ உணவுக்கு 2 சொட்டு'. மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "அப்ப இன்னும் ஐநூறு பிரியாணிக்கு வரும், தூக்கிப் போடாத" என்கிறார்.