கிளையன்ட் காசைத் திருப்பிக் கேட்கிறார், அவசர உதவி தேவை

மீன்பாடி24
வணக்கம். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது கிளையன்ட் 120 டொலரைத் திருப்பிக் கேட்கிறார். வேலை பிந்திவிட்டதாம், அரைகுறையாம். எல்லா மெசேஜும் என்னிடம் இருக்கிறது, 60 ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறேன். இதை யாருக்கு அனுப்புவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். இரண்டு கிழமை நித்திரை முழித்துச் செய்த வேலை.

சாய்ந்தமருது நானா
தம்பி, என்ன வேலை என்று சொல்லவில்லையே. அந்த 120 டொலர் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதா, இல்லை தளத்தின் கையில் நிற்கிறதா? அதைப் பொறுத்துத்தான் வழி.

திருக்கோவில் சுதா
எனக்கும் இதே பிரச்சினைதான் நடந்தது. ஓன்லைனில் சாரி ஓடர் பண்ணினேன், வேறு நிறம் வந்தது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தபடியால் காசு திரும்பக் கிடைத்தது. நீங்களும் வீடியோ எடுத்தீர்களா?

சாய்ந்தமருது நானா
தங்கச்சி, நீங்கள் வாங்கியவர். இவர் வேலை செய்து கொடுத்தவர். இவருக்குப் பார்சல் இல்லை.

செங்கலடி தீபன்
ஒன்றும் செய்யாதீங்க மச்சான். தளத்தில் பூட்டி வைத்த காசை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் எடுக்க முடியாது. பதில் போட்டால்தான் பிரச்சினை வளரும். பேசாமல் விட்டால் அவரே களைத்துப் போவார்.

வாவிக்கரை
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மைல்ஸ்டோனில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் வேலை தொடங்குகிறார்கள், பிறகு 60 ஸ்கிரீன்ஷொட்டோடு ஓடி வருகிறார்கள். பிணக்கை விசாரிக்கிறவர் உங்கள் 60 படத்தையும் பார்க்கமாட்டார். மைல்ஸ்டோனின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து இங்கே போடுங்கள். அது இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மீன்பாடி24
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டொரொண்டோவில் இருக்கும் ஒருவரின் யூடியூப் சனல், வீட்டுத் தோட்டம் பற்றியது, ஆங்கிலத்தில் பேசுவார். அதற்குத் தமிழ் சப்டைட்டில் போடும் வேலை. முதல் மைல்ஸ்டோன் 60 டொலர் வந்துவிட்டது. இரண்டாவது 120, தளத்தில் நிற்கிறது. அதன் வாசகம் இதுதான்:

```
Tamil subtitle files (.srt) for 20 videos. Due 3 Aug.
```

20 பைலையும் டிரைவில் ஏற்றி, தளத்து செட்டில் லிங்க் அனுப்பினேன். நான்காம் தேதி காலை 7.40. அன்றே "நல்லது, நாளை ஏற்றுகிறேன்" என்று பதில் போட்டார். ஒன்பதாம் தேதி வட்ஸ்அப்பில், ஐந்து வீடியோவுக்கு எழுத்தை வீடியோவுக்குள்ளேயே பதித்துத் தரச் சொன்னார். அதற்குத் தனிக் காசு கேட்டேன். பன்னிரண்டாம் தேதி ரிஃபண்ட் கேட்டு அறிவித்தல் வந்தது. இன்று 15. மூன்றாவது மைல்ஸ்டோனுக்குக் காசு போடவில்லை, பிறகு போடுகிறேன் என்றார், அதிலும் 12 வீடியோ செய்து வைத்திருக்கிறேன்.

ஆரையம்பதி அக்கா
தம்பி, முதலில் அந்த அறிவித்தலைத் திறந்து, கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருக்கிறதா பாருங்கள். நான் வேலை செய்யும் தளத்தில் ஏழு நாள். அதற்குள் நீங்கள் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காசைத் தானாகவே கிளையன்டுக்குத் திருப்பிவிடும். தீபன் தம்பி சொல்வது மாதிரியே நினைத்து 2023இல் நானும் பேசாமல் இருந்தேன், 90 டொலர் அப்படியே போனது. உங்களுக்கு மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது. மறுக்கும் பொத்தானை இன்றைக்கே அழுத்துங்கள், ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம்.

அடுத்தது, வேலையை ஒப்படைக்கும் பொத்தானை, அதாவது `Submit` என்று இருப்பதை, அழுத்தினீர்களா? இல்லை செட்டில் லிங்க் போட்டதோடு நின்றுவிட்டீர்களா?

மீன்பாடி24
செட்டில் மட்டும்தான். அது போதாதா? கடைசித் தேதி 19 என்று போட்டிருக்கிறது.

வாவிக்கரை
போதாது. அந்தப் பொத்தான் அழுத்தினால்தான் கிளையன்டுக்குப் பார்க்கும் காலம் ஓடத் தொடங்கும், 14 நாள் அவர் பேசாமல் இருந்தால் காசு உங்களுக்கு வரும். செட்டில் போட்டது தளத்தின் கணக்கில் ஒப்படைப்பே இல்லை. இதெல்லாம் கணக்குத் திறக்கும் அன்றே படித்திருக்க வேண்டியது.

ஆரையம்பதி அக்கா
படித்திருக்க வேண்டியதுதான், இப்போது அதைச் சொல்லி என்ன செய்ய? தம்பி, மறுத்த பிறகு அந்தப் பொத்தான் திறந்திருந்தால் அதே 20 பைலையும் அப்படியே ஒப்படையுங்கள். "இவை நான்காம் தேதி காலை செட்டில் அனுப்பிய அதே பைல்கள்" என்று ஒரு வரி சேருங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். டிரைவில் பைலைத் தொட்டால் மாற்றிய தேதி புதிதாகிவிடும், பிறகு பிந்திச் செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

பிந்திவிட்டது என்பதற்கு நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஓகஸ்டில் டொரொண்டோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நான்காம் தேதி காலை 7.40 என்றால் அங்கே மூன்றாம் தேதி இரவு 10.10. நீங்கள் பிந்தவில்லை. ஆனால் உங்கள் ஸ்கிரீன்ஷொட்டில் நான்காம் தேதி என்றுதான் தெரியும், விசாரிக்கிறவர் அதைப் பார்த்து ஒரு நாள் பிந்தியது என்று நினைப்பார். அதனால் படத்துக்குக் கீழே இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

சாய்ந்தமருது நானா
அரைகுறை என்கிறாரே, அதற்கு என்ன பதில்? சனலில் போய்ப் பார்த்தீர்களா தம்பி? உங்கள் சப்டைட்டிலை அவர் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மீன்பாடி24
இப்போதுதான் பார்த்தேன் நானா! 14 வீடியோவில் தமிழ் வருகிறது. ஆனால் யூடியூபே தானாக மொழிபெயர்த்தது என்று அவர் சொன்னால்?

சாய்ந்தமருது நானா
வீடியோவில் பற்சக்கரம் மாதிரி இருக்கும் அடையாளத்தை அழுத்தி, சப்டைட்டில் பட்டியலைத் திறவுங்கள். யூடியூப் தானாக எழுதியதற்குப் பக்கத்தில் `auto-generated` என்று இருக்கும். தானாக மொழிபெயர்ப்பது `Auto-translate` என்று தனியாகக் கீழே கிடக்கும். `Tamil` என்று வெறுமனே தனி வரியாக இருந்தால் யாரோ பைலை ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் பைலில் வித்தியாசமான சொல்லோ பிழையோ ஏதாவது இருக்கிறதா? அது அங்கேயும் இருந்தால் முடிந்தது கதை.

மீன்பாடி24
இருக்கிறது. ஏழாவது வீடியோவில் ஒரு எழுத்துப் பிழை விட்டிருக்கிறேன், அதைக் கண்டு முதலில் வெட்கமாக இருந்தது. சனலிலும் அதே பிழையோடு அதே இடத்தில் ஓடுகிறது.

```
41
00:03:12,400 --> 00:03:15,100
கறிவேப்பில்லைச் செடிக்கு வெயில் வேண்டும்
```

ஆரையம்பதி அக்கா
அந்த "ல்லை"தான் தம்பி உங்கள் கையெழுத்து. சனல் பக்கத்தின் முகவரி தெரியும்படி, பட்டியலில் `Tamil` என்று இருப்பதும் தெரியும்படி, அந்த நிமிடத்தைத் திரையோடு பதிவு செய்யுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், பிணக்கு என்றதும் கிளையன்ட் அதைக் கழற்றிவிடலாம்.

பிறகு 60 படத்தை ஐந்தாகக் குறையுங்கள். மைல்ஸ்டோன் வாசகம் ஒன்று, லிங்க் அனுப்பிய மெசேஜ் ஒன்று, "நல்லது, நாளை ஏற்றுகிறேன்" என்ற அவருடைய பதில் ஒன்று, 20 பைலும் ஏற்றிய தேதியோடு டிரைவ் பட்டியல் ஒன்று, சனல் பதிவு ஒன்று. அவர் பைலைத் திறந்தாரா என்று சாதாரண டிரைவ் கணக்கு காட்டாது, அதைத் தேடி நேரத்தை விட வேண்டாம். அவருடைய பதிலும் சனலுமே அதைக் காட்டும்.

செங்கலடி தீபன்
வட்ஸ்அப்பில் கேட்டதுதான் முக்கியம். கூடுதல் வேலை கேட்டு, கிடைக்காத கோபத்தில்தான் ரிஃபண்ட் கேட்கிறார். அதை எக்ஸ்போர்ட் பண்ணி முதலாவதாகப் போடுங்கள்.

வாவிக்கரை
போட்டால் உங்கள் கணக்குக்கே ஆபத்து. தளத்துக்கு வெளியே பேசினதே பல இடங்களில் விதிமீறல். எக்ஸ்போர்ட் செய்த வெறும் எழுத்துப் பைலை யாரும் திருத்தலாம், அதை யார் நம்புவார்? வட்ஸ்அப் நம்பரைக் கொடுத்த அன்றே பாதித் தோல்வி.

செங்கலடி தீபன்
அண்ணா, கிளையன்ட் வட்ஸ்அப்பில் வா என்றால் இங்கே இருந்து வேலை தேடுகிறவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதல் கிளையன்டையே இழந்துவிட்டு விதியைக் கட்டிக்கொண்டு இருக்கவா?

வாவிக்கரை
சொல்ல முடியும். நான் ஆறு வருடமாகச் சொல்கிறேன்.

செங்கலடி தீபன்
உங்களுக்கு நிரந்தரக் கிளையன்ட் இருக்கிறார்கள். ஓந்தாச்சிமடத்தில் டேட்டா போட்டு, போனில் சிக்னல் தேடி வேலை செய்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.

ஆரையம்பதி அக்கா
இரண்டு பேரும் தனியாகப் பேசுங்கள். தம்பி, தளத்து செட்டில் அவருக்கு ஒரு கேள்வி போடுங்கள்: "ஒன்பதாம் தேதி ஐந்து வீடியோவுக்கு எழுத்தைப் பதித்துத் தரச் சொன்னீர்கள், அது இந்த மைல்ஸ்டோனில் இல்லை, புது மைல்ஸ்டோனாகப் போடலாமா?" கோபம் இல்லாமல், இவ்வளவுதான். ஆம் என்றாலும், அதுவும் சேர்ந்ததுதான் என்றாலும், கூடுதலாகக் கேட்டது தளத்துக்குள்ளேயே அவர் வாயால் பதிவாகிவிடும். வட்ஸ்அப்பைத் தொடத் தேவையில்லை.

சாய்ந்தமருது நானா
மூன்றாவது மைல்ஸ்டோனின் 12 வீடியோவை அனுப்பிவிடாதீர்கள். காசு போடாத மைல்ஸ்டோனுக்குத் தளத்தில் பிணக்கே எழுப்ப முடியாது, பிடித்து வைத்த காசு என்று ஒன்று அங்கே இல்லையே. அனுப்பினால் போனதுதான்.

வாவிக்கரை
ஒன்று ஒத்துக்கொள்கிறேன், ஆதாரம் நன்றாக இருக்கிறது. ஆனால் தளத்து ஆள் சமரசம்தான் பேசுவார், தீர்ப்புச் சொல்லமாட்டார். அதற்கு மேல் நடுவரிடம் போக நான் இருக்கும் தளத்தில் கேட்கும் கட்டணம் 120ஐ விட அதிகம். பாதிக்குப் பாதி என்று பேச்சு வரும். 80க்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

ஆரையம்பதி அக்கா
நான் 80க்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கிளையன்ட் 20 பைல் கேட்டார், தம்பி 20 பைல் கொடுத்தார், கிளையன்ட் அதில் 14ஐப் பாவித்துக்கொண்டும் இருக்கிறார். எதற்குக் குறைக்க வேண்டும்?

வாவிக்கரை
முதல் வேலை, ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது அல்லவா. முழுக் காசும் ஒரு நட்சத்திரமும் வேண்டுமா என்று யோசிக்கட்டும்.

திருக்கோவில் சுதா
சனலில் தமிழ் வருவதை நானும் போய்ப் பார்த்துச் சாட்சி சொல்லலாமா? பெயர் சொன்னால் பார்க்கிறேன்.

ஆரையம்பதி அக்கா
வேண்டாம் தங்கச்சி. பிணக்கு நடக்கும்போது சனலின் பெயரை வெளியில் போடுவது தம்பிக்கே பாதகமாகும்.

மீன்பாடி24
மறுத்துவிட்டேன். ஐந்து ஆதாரமும் போட்டாயிற்று. அக்கா சொன்ன கேள்விக்கு "அது முதலில் இருந்தே எதிர்பார்த்ததுதான்" என்று செட்டிலேயே பதில் போட்டிருக்கிறார். ஏழாவது வீடியோவின் தமிழைக் கழற்றிவிட்டார், நல்லவேளை பதிவு எடுத்தாயிற்று. பொத்தான் திறந்திருந்தது, ஒப்படைத்தும் விட்டேன். தளத்து ஆள் இன்னும் எழுதவில்லை. எல்லாருக்கும் நன்றி, கரண்ட் போகப் போகிறது.