என் பங்கு 40 வீதமா, 37.5 வீதமா?

அண்ணாமார், அக்காமார், கணக்கொன்றில் சிக்கி நிற்கிறேன். திருநெல்வேலியில் நண்பனும் நானும் தொடங்கிய கம்பனியில் முதலில் 10,000 பங்குகள். என்னுடையவை 6,000, அதாவது 60 வீதம். முதல் முதலீட்டுச் சுற்றில் 2,500 புதிய பங்குகள் வழங்கினோம். மொத்தம் 12,500 ஆக, நான் 48 வீதத்துக்கு இறங்கினேன். இரண்டாம் சுற்றிலும் 2,500. இப்போது 6,000ஐ 15,000ஆல் வகுத்தால் 40 வீதம். கம்பனிப் பதிவாளருக்குக் கொடுத்த படிவம் 6 பிரதிகளையும் பங்குப் பதிவேட்டையும் நேற்றிரவு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு பங்கும் பிசகவில்லை.

ஆனால் மூன்றாம் சுற்று முதலீட்டாளரின் தாளில் என் பெயருக்கு நேரே 37.5 வீதம் என்றிருக்கிறது! பின்னோக்கி வகுத்தால் மொத்தம் 16,000 வருகிறது. அந்த 1,000, ஊழியர்களுக்கென ஒப்பந்தத்தில் ஒதுக்கி இன்னும் வழங்காத பங்குகளாகத்தான் இருக்க வேண்டும். வழங்காததற்குப் படிவம் ஏது?

வீதத்தைவிட விலைதான் என்னை உறுத்துகிறது. முதலீட்டுக்கு முந்திய மதிப்பு 3 கோடியே 20 இலட்சம் ரூபாய். 16,000ஆல் வகுத்தால் பங்கொன்று 2,000 ரூபாய். 15,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,133. விலை குறைந்தால் அதே பணத்துக்குக் கூடுதல் பங்குகள் போகும், நான் இன்னும் கரைவேன்.

இதைப் பேசித் தீர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒதுக்கீட்டை விலைக் கணக்கில் சேர்க்க ஒப்புக்கொண்டீர்களா, அல்லது அளவையாவது குறைக்கச் சொன்னீர்களா? வெள்ளிக்கிழமை கையெழுத்து.