முன்–பின் படத்தில் 'முன்' பக்கமும் மாறிவிடுகிறது, என்ன செய்ய?

செங்கல்
கடை முகப்பின் போட்டோ ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதை AI படக் கருவியில் ஏற்றி, "இடது பாதியில் இப்போதைய நிலை, வலது பாதியில் புதுப்பித்த நிலை, நடுவில் வெள்ளைக் கோடு, சதுரப் படம்" என்று ப்ராம்ப்ட் கொடுத்தேன். வந்த படத்தில் இடது பக்கமே என் கடை மாதிரி இல்லை. ஷட்டரில் இருந்த துருவைக் காணோம், மாடியில் மூன்று ஜன்னல் இருந்த இடத்தில் இரண்டுதான். "போட்டோவை மாற்றாதே" என்று எழுதியும் பார்த்தாயிற்று.

ராக்கோழி
சீட் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு ப்ராம்ப்ட்டை மட்டும் திருத்துங்கள், சரியாகிவிடும்.

கோணல்மானி
அதே ப்ராம்ப்ட்டுக்கு அதே படம் திரும்ப வர சீட் உதவும், போட்டோவைக் காப்பாற்றாது. இங்கே சிக்கலே வேறு. முழுப் படத்தையும் கேட்டால் இடது பாதியையும் அது புதிதாகத்தான் வரைகிறது. போதாததற்குச் சதுரம் வேறு கேட்டிருக்கிறீர்கள்: 1024-க்கு 1024 படத்தில் ஒரு பாதி 512 அகலம்தான், அகலமான முகப்பு அதில் அடங்காது, அதனால்தான் ஜன்னலை விழுங்கிவிட்டது.

'முன்' படம்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஏன் வரையச் சொல்ல வேண்டும்? 'பின்' படத்தை மட்டும், போட்டோவின் அதே அகல-உயர விகிதத்தில் கேளுங்கள். "கேமரா கோணம், தூண்கள், மூன்று ஜன்னல்கள், பக்கத்துக் கட்டடம், நடைபாதை, வெயிலின் திசை அப்படியே இருக்கட்டும், ஷட்டருக்குப் பதில் கண்ணாடிக் கதவு, சுவருக்கு வெளிர் பச்சை, பெயர்ப்பலகை வெறுமையாக" என்று எழுதினால் போதும். அப்புறம் இரண்டையும் ஒரே அளவாக்கி, ImageMagick கட்டளையால் ஒட்டுங்கள்:

```
magick before.jpg after.jpg +append split.jpg
```

மைக்கூடு
எனக்குப் பலகை எழுத்துதான் தலைவலி. தமிழில் கேட்டால் எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கி வைக்கிறது. அதற்கு என்ன ப்ராம்ப்ட்?

கோணல்மானி
ப்ராம்ப்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். வெறும் பலகையாக வாங்கி, எழுத்தை எடிட்டரில் போடுங்கள்.

செங்கல்
ஒட்டிப் பார்த்தேன், இடது பக்கம் இப்போது என் கடையேதான். ஆனால் வலது பக்கத்தில் தூண் கொஞ்சம் நகர்ந்த மாதிரி தெரிகிறது. கண்ணை நம்புவதா?

கோணல்மானி
ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வித்தியாசம் பாருங்கள்:

```
magick before.jpg after.jpg -compose difference -composite diff.png
```

மாறாத இடம் கறுப்பாக வரும். தூணின் ஓரத்தில் வெளிச்சக் கோடு தடிமனாகத் தெரிந்தால் நகர்ந்திருக்கிறது. டூலில் மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறித்துக் கொடுக்கும் மாஸ்க் வசதி இருந்தால் ஷட்டர், சுவர், பலகையை மட்டும் மாஸ்க் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

செங்கல்
மாஸ்க் போட்டதும் தூண் அசையவில்லை. இப்போது கண்ணாடிக் கதவில் எதிரே இல்லாத மரம் ஒன்று பிரதிபலிக்கிறது. "பிரதிபலிப்பு வேண்டாம்" என்றால் கண்ணாடி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது.

ராக்கோழி
எனக்கும் அப்படித்தான் வருகிறது. வழி கிடைத்தால் இங்கேயே போடுங்கள்.