நீக்கல் முறை கணக்கு: பக்கம் முழுக்க அடித்தாயிற்று, விடை வரவில்லை

வேலந்தாவளத்தான்: மகள் ஒன்பதாவது படிக்கிறாள், தமிழ் மீடியம். ரெண்டு சமன்பாட்டுக் கணக்கு ஒன்றை மூன்று தடவை போட்டும் வரவில்லை. நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். நாளைக்கு மாஷிடம் காட்ட வேண்டுமாம். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

கம்பத்துக்காரி: அண்ணா, கேள்வி எது, அடித்தது எது என்றே தெரியவில்லையே. புத்தகத்தில் இருக்கிற ரெண்டு வரியை மட்டும் டைப் பண்ணுங்கள். புத்தகத்து விடை என்ன?

மலையோரம்: போட்டோவைக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். `4x + 3y = 10`, `6x + 5y = 34`. மேல் வரியை 3-ஆலும் கீழ் வரியை 2-ஆலும் பெருக்கிக் கழித்தால் y = 38, x = -26. பாப்பா x = -26 என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். y-க்கு மட்டும் கழித்தல் குறி கூடிப்போய் -38 ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

பழைய டியூஷன்: இந்தக் கணக்கைக் குறுக்குப் பெருக்கலில் போட்டால் ஒரே நிமிடம். இப்போது யார் அதைச் சொல்லித் தருகிறார்கள்? பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலந்தாவளத்தான்: புத்தகத்தில் இப்படி இருக்கிறது. விடை கொடுக்கவில்லை.
```
4x - 3y = 10
6x + 5y = 34
```

செங்கோட்டை அக்கா: மலையோரம் தம்பி, 3y-க்கு முன்னால் இருப்பது கழித்தல். மேலே அடித்த கோட்டின் வால் அதன் மேல் விழுந்து கூட்டல் மாதிரி தெரிகிறது. அதனால் நீங்கள் போட்டது வேறு கணக்கு. x ரெண்டிலும் ஒன்றாக வந்தது தற்செயல்.

பாப்பாவின் முதல் முயற்சியைப் பாருங்கள்:
```
12x -  9y = 30
12x + 10y = 68
```
பெருக்கியதெல்லாம் சரி. கழிக்கும்போதுதான் தப்பு. 68-ஐக் கழித்து -38 எழுதியவள், 10y-ஐக் கழிக்காமல் கூட்டிவிட்டாள். -9y-யிலிருந்து 10y-ஐக் கழித்தால் -19y. அவள் எழுதியிருப்பது வெறும் y. அதனால்தான் y = -38, x = -26.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கீழே 'சரி' என்று டிக் போட்டிருக்கிறாள்: 4 × (-26) - 3 × (-38) = -104 + 114 = 10. ஆனால் x-ஐக் கண்டுபிடித்ததே அந்த முதல் சமன்பாட்டில் y-ஐப் போட்டுத்தான். y எவ்வளவு தப்பாக இருந்தாலும் அதில் பொருந்தத்தான் செய்யும். இரண்டாவதில் போட்டிருந்தால் -156 - 190 = -346. வர வேண்டியது 34. அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கம்பத்துக்காரி: ஓ! என் பையனும் இதே மாதிரிதான் டிக் போடுவான். நானும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவேன்.

மலையோரம்: சரி அக்கா, குறியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டாவது முயற்சியில் y = 4/19 வந்திருக்கிறதே. பின்னம் வந்தாலே தப்பு என்று அடித்தது நல்லதுதான்.

செங்கோட்டை அக்கா: பின்னம் வந்ததால் தப்பு ஆகாது, சில கணக்கில் பின்னமே விடையாக வரும். இங்கே தப்பு என்னவென்றால், இரண்டாவது வரியை 2-ஆல் பெருக்கும்போது 34-ஐப் பெருக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். மூன்றாவதில் y-ஐ நீக்கப் பார்த்திருக்கிறாள். -15y, +15y வரை அழகாக வந்திருக்கிறது, அப்புறம் பழக்கத்தில் கழித்துவிட்டாள். -30y ஆகிவிட்டது, நீங்கவில்லை. குறி எதிரெதிராக இருந்தால் கூட்ட வேண்டும்:
```
20x - 15y =  50
18x + 15y = 102
38x       = 152
```
x = 4. முதல் சமன்பாட்டில் போட்டால் 16 - 3y = 10, y = 2. சரிபார்ப்பதை இரண்டாவதில் செய்யச் சொல்லுங்கள்: 24 + 10 = 34.

பழைய டியூஷன்: நான் சொன்ன முறையில் இந்தக் குழப்பம் ஒன்றுமே இல்லை.

செங்கோட்டை அக்கா: அதிலும் குறி தப்பினால் இதே கதைதான் சார்.

பாறைக்காட்டான்: போட்டோவில் அடித்த கோட்டை மட்டும் நீக்க ஆப் இருக்கிறதா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லையென்றால் ஒயிட்னர் வாங்கிக் கொடுங்கள்.

கம்பத்துக்காரி: நீக்கல் முறை என்றால் கோட்டை நீக்குவது இல்லை அண்ணா! அப்புறம் ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். ஒற்றைக் கோடு போட்டு அடித்திருப்பதால்தான் அக்காவால் படிக்க முடிந்தது.

பழைய டியூஷன்: அடித்தல் திருத்தலோடு நோட்டைக் காட்டினால் எங்கள் காலத்தில் வெளியே நிற்க வேண்டும்.

கம்பத்துக்காரி: அதனால்தான் சார், பிள்ளைகள் தப்பு எங்கே என்று பார்க்காமலே பக்கத்தைக் கிழித்துப் புதிதாக ஆரம்பிக்கிறார்கள்.

வேலந்தாவளத்தான்: வந்துவிட்டது. 4, 2. முதல் கணக்கில் 10y-ஐத் தானே வட்டம் போட்டுக் காட்டினாள். கரண்டு போகப்போகிறது, அப்புறம் வருகிறேன்.

செங்கோட்டை அக்கா: அடுத்த கணக்கில் எதிலே சரிபார்த்தாள் என்று மட்டும் சொல்லுங்கள்.